ஒரே காட்சி, 5 நிமிடம்: வீடியோ கட்டுரைக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

பூந்தமல்லி_பஸ்
விஸ்காம் இரண்டாம் வருஷம். மீடியா ஸ்டடீஸ் பேப்பருக்கு ஒரு காட்சியை எடுத்து 5 நிமிஷ வீடியோ கட்டுரை பண்ணணும். முதல்ல ஸ்கிரிப்ட் காட்டணும், அது ஓகே ஆனாத்தான் எடிட்டிங். நான் எடுத்தது ‘பதேர் பாஞ்சாலி’ (1955), அப்புவும் துர்காவும் நாணல் காட்டுல ரயில் பாக்குற காட்சி. 780 வார்த்தை எழுதிக் கொடுத்தேன். “இது காட்சியோட வர்ணனை, அலசல் இல்ல. நீளமும் ஜாஸ்தி”னு ஒரே வரி எழுதித் திருப்பிட்டாங்க. ஆரம்பம் இப்படி:

“துர்கா கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாள். அப்புவும் வந்து கேட்கிறான். சுற்றிலும் வெள்ளை நாணல் பூக்கள் அழகாக அசைகின்றன. தூரத்தில் கரும்புகையோடு ரயில் வருகிறது. இருவரும் ஓடுகிறார்கள். சத்யஜித் ராய் இதில் பழமைக்கும் நவீனத்துக்கும் உள்ள மோதலைக் காட்டுகிறார்.”

இதுல எது வர்ணனை, எது அலசல்னே புரியல.

மயிலை_மாடவீதி
தம்பி, ஸ்கிரிப்டுன்னா முதல்ல ஃபார்மேட் சரியா இருக்கணும். வெளிப்புறம், பகல், நாணல் காடுன்னு சீன் தலைப்பு போட்டு, கதாபாத்திரம் பேர் நடுவுல, வசனம் அதுக்குக் கீழ. நீங்க பத்தி பத்தியா எழுதினதாலதான் திருப்பியிருப்பாங்க.

பூந்தமல்லி_பஸ்
அண்ணா, இது குறும்பட ஸ்கிரிப்ட் இல்ல. ஏற்கெனவே இருக்கற படத்தோட காட்சிய வச்சு, மேல என் குரல்ல பேசற கட்டுரை.

மயிலை_மாடவீதி
ஓ, நான் வேற நினைச்சுட்டேன். அப்ப விடுங்க.

வெட்டுமேசை
உங்க ஆறு வாக்கியத்துல முதல் அஞ்சும் திரையில தானா தெரியறவை. பாக்கறவன் கண்ணுக்கு முன்னால துர்கா கம்பத்துல காது வைக்கறா. அதையே நீங்களும் சொன்னா உங்க குரல் பார்வையற்றோருக்கான ஒலிவிவரணை மாதிரி ஆயிடும். ஆறாவது வாக்கியம் அதுக்கு நேர் எதிர். அதைத் திரையில எங்கயும் காட்ட முடியாது. ரயில் வர்ற எந்தப் பழைய படத்துக்கும் ‘பழமை, நவீனம், மோதல்’னு எழுதிடலாம். இந்தக் காட்சியில இருக்கற எந்த ஷாட்டும் அந்த வரிக்குத் தேவைப்படல. அலசல் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு: ஷாட்டை நிறுத்திக் காட்டினா “ஆமா”ன்னோ “இல்லையே”ன்னோ ஒருத்தர் சொல்ல முடியற மாதிரி ஒரு வாக்கியம்.

இந்தக் காட்சியில அப்படி ஒண்ணு சொல்றேன், பிடிச்சா எடுத்துக்குங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓடறாங்க. துர்கா நடுவுல தடுக்கி விழுந்துடறா. அப்பு மட்டும்தான் தண்டவாளம் வரைக்கும் போறான். ரயில் கடக்கும்போது கேமரா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போயிடுது. ஓடற சக்கரங்களுக்கு நடுவுல, எதிர்ப்பக்கம் நிக்கற அப்புவை நாம பாக்கறோம். அப்ப உங்க வாதம்: “ரயிலைக் காட்டுவதைவிட, அக்காவையும் தம்பியையும் பிரிப்பதுதான் இந்தக் காட்சியின் வேலை.” இதை ஒருத்தர் மறுக்கலாம். மறுக்கணும்னா அவரும் ஷாட்டைத்தான் காட்டணும். சரியான வாதத்துக்கு இதுதான் அடையாளம்.

குரோம்பேட்டை_கோ
நீளத்துக்கு நான் சொல்றேன். நிமிஷத்துக்கு 150 வார்த்தை, எல்லா வீடியோ கட்டுரை டுடோரியல்லயும் இதுதான் கணக்கு. 5 நிமிஷம்னா 750. உங்களுது 780, வெறும் 30 வார்த்தைதான் அதிகம். வேகமா படிச்சா சரியாப் போயிடும்.

வெட்டுமேசை
கோ, அந்தக் கணக்கு இங்கிலீஷுக்கு. தமிழ்ல ஒரு வார்த்தையே ஒரு வாக்கியம் அளவுக்கு நீளும். ‘பார்த்துக்கொண்டிருக்கிறான்’ங்கறது ஒரு வார்த்தையா? பிரிச்சு எழுதினா மூணு. உச்சரிக்கற நேரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால வேர்ட் காட்டற எண்ணிக்கையை நம்பாதீங்க. ஸ்கிரிப்ட்ல ஏதாவது 100 வார்த்தையை எடுத்து, பாக்கறவன் படத்தையும் சேர்த்துக் கவனிக்கணும்ங்கறதை மனசுல வச்சு நிதானமா வாய்விட்டுப் படிச்சு ஸ்டாப்வாட்ச்ல பாருங்க. பெரும்பாலும் ஒரு நிமிஷத்தை ஒட்டி வரும்.

இன்னொரு தப்பு, 5 நிமிஷத்தையும் பேச்சுக்கே கொடுத்தது. 300 விநாடியில தலைப்புக்கு 5, கடைசிப் பட விவரத்துக்கு 10 போனா 285. காட்சியோட சொந்தச் சத்தம் கேக்கறதுக்கு நீங்க வாயை மூடியே ஆகணும். இந்தக் காட்சியில குறைஞ்சது மூணு இடம்: கம்பத்துல கேக்கற ரீங்காரத்துக்கு 12 விநாடி, நாணலுக்குள்ள நடக்கறதுக்கு 8, ரயில் கடக்கறதுக்கு 25. மொத்தம் 45. மிச்சம் 240 விநாடி, அதாவது 4 நிமிஷம். நிமிஷத்துக்கு 100 வச்சா 400 வார்த்தை. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விட இன்னும் பத்துல ஒரு பங்கு கழிச்சா 360. நீங்க எழுதினது ரெண்டு மடங்குக்கும் மேல. வேகமா படிச்சு இதைச் சரிபண்ண முடியாது.

பூந்தமல்லி_பஸ்
சார், 360 வார்த்தையில என்னத்த சொல்றது? ராய் யாரு, படம் எப்படி எடுத்தாங்க, நாணல் கதை எல்லாம் இருக்கே. 1952 அக்டோபர் 27 அன்னிக்கு இந்தக் காட்சிலதான் ஷூட்டிங்கே ஆரம்பிச்சது. பாதி எடுத்துட்டு அடுத்த வாரம் போனா மாடு நாணலைப் பூராவும் தின்னுடுச்சு. மறுபடி பூக்கற வரைக்கும் அடுத்த சீசனுக்குக் காத்திருந்தாங்க. இது செம தகவல் இல்லையா?

நிழல்_நீலா
செம தகவல்தான், ஆனால் உங்கள் கட்டுரைக்குள் அதற்கு வேலை இல்லை. மாடு தின்றது படப்பிடிப்பின் வரலாறு. காட்சி எப்படி இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. சொல்லத் தோன்றும் ஒவ்வொரு தகவலையும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் என் வாதத்தில் ஏதாவது உடைகிறதா? மாட்டை எடுத்தால் எதுவும் உடையாது. துர்கா விழுவதை எடுத்தால் எல்லாமே உடையும். சுப்ரதா மித்ராவின் ஒளிப்பதிவு, ரவிசங்கரின் இசை என்று வாக்கியத்துக்கு ஒரு பெயரைத் தூவுவதற்கும் இதே கேள்விதான். அந்தப் பெயர்களைக் கடைசிப் பட விவரத்தில் போடுங்கள்.

வெட்டுமேசை சொன்ன வாதத்தில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. ‘பிரிப்பதுதான் இந்தக் காட்சியின் வேலை’ என்பது படம் முழுவதையும் பார்த்து முடித்தவர் திரும்பிப் பார்த்துச் சொல்வது. துர்கா பின்னால் இறந்துபோகிறாள் என்று தெரிந்ததால்தான் அவள் விழுவது நமக்குக் கனமாகத் தெரிகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு அது ஒரு சிறுமி தடுக்கி விழுந்தது, அவ்வளவுதான்.

வெட்டுமேசை
நியாயம்தான். ஆனா விழறது ஒண்ணு மட்டும் சான்று இல்லையே, கேமரா தண்டவாளத்தைத் தாண்டிப் போற முடிவும் இருக்கு. பின்னால வர்ற மரணத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசாம அந்த ரெண்டு ஷாட்டை மட்டும் வச்சே பிரிவைச் சொல்லிட முடியும்னு நினைக்கறேன். தம்பி, மரணத்தைக் கட்டுரைக்குள்ள கொண்டு வராதீங்க. ஒரே காட்சிங்கற நிபந்தனையும் அங்கேயே உடைஞ்சிடும்.

நிழல்_நீலா
அந்த நிபந்தனையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டுமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. காட்சிக்குத் தன் படத்தோடு உறவே இல்லாத மாதிரிப் பேசுவதும் பொய்தான். ஒரு வரி போதும். ஆனால் இது உங்கள் மதிப்பெண். அதைத் திருத்துபவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

ரீல்பெட்டி
நானும் இதே அசைன்மென்ட். ‘மூன்றாம் பிறை’ (1982) கடைசி ஸ்டேஷன் காட்சி. அதுலயும் ரயில் இருக்கு, அதுலயும் ஒருத்தர் விட்டுட்டுப் போறாங்க. ரெண்டையும் சேர்த்து ஒப்பிட்டா கனமா இருக்குமா? அப்புறம், யூடியூப்ல போட்டா 30 விநாடிக்குக் கீழ இருந்தா காப்பிரைட் பிரச்சனை இல்லதானே?

வெட்டுமேசை
ஒப்பிட்டா 360 வார்த்தையில ஆளுக்கு 180. ரெண்டு காட்சிக்கும் சூழலைச் சொல்றதுக்கே அது தீர்ந்துடும். ‘ரெண்டுலயும் ரயில் இருக்கு’ங்கறது ஒற்றுமை, வாதம் இல்ல. பாலு மகேந்திரா படத்தையே தனியா எடுங்க. மழை, நகர ஆரம்பிக்கற ரயில், தன்னை ஞாபகப்படுத்த ஒருத்தன் குரங்கு மாதிரி ஆடிக் காட்டறது. இவ்வளவு இருக்கு. அதுல அவன் ஆடறது நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விளையாட்டு, ஜன்னல்ல இருக்கறவளுக்கு அது யாரோ ஒரு பைத்தியம். ஷாட் யாரோட பார்வையில இருந்து எடுக்கப்பட்டிருக்குன்னு ஒவ்வொண்ணா எழுதிப் பாருங்க, வாதம் அங்கேர்ந்து வரும்.

30 விநாடிங்கறது சட்டத்துல எங்கயும் இல்ல. நம்ம காப்பிரைட் சட்டம் 1957-ல பிரிவு 52 விமர்சனத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்குது, ஆனா விநாடிக் கணக்கு எதுவும் சொல்லல. யூடியூப்ல இருக்கற தானியங்கிப் பொருத்தம் சட்டத்தைப் பாக்காது, ஒலியும் படமும் ஒத்துப்போகுதான்னுதான் பாக்கும். அன்லிஸ்டட்ல போட்டாலும் பிடிக்கும். சமர்ப்பிக்கற அன்னிக்கு லிங்க் முடங்கினா கஷ்டம், அதனால ஃபைலா டிரைவ்ல கொடுங்க.

பூந்தமல்லி_பஸ்
சரி, மறுபடி உக்காந்து ஷாட் ஷாட்டா எழுதினேன். ஒரு பாயிண்ட் கிடைச்சிருக்கு: நாணல் காடு முழுக்க மங்கலா, சாம்பலா, விளிம்பெல்லாம் இருட்டா இருக்கு. அந்த மங்கல் மூலமா கிராமத்தோட வறுமையை ராய் உணர்த்தறார்னு எழுதலாமா? அப்புறம் நான் குறிச்ச டைம்கோடும் ஃப்ரெண்ட் குறிச்சதும் ஒத்து வரல. ஒரு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம்.

வெட்டுமேசை
எந்தப் பிரதியைப் பாக்கறீங்க?

பூந்தமல்லி_பஸ்
யூடியூப்ல யாரோ ரொம்ப வருஷம் முன்னாடி ஏத்தினது. 360p.

வெட்டுமேசை
அப்ப ரெண்டு பிரச்சனைக்கும் காரணம் அதுவேதான்.

அந்த மங்கல் ராயோடது இல்ல, பல தடவை பிரதி எடுத்துத் தேஞ்ச பிரிண்டோடது. 1993-ல லண்டன் லேப்ல நடந்த தீ விபத்துல இந்தப் படத்தோட மூல நெகட்டிவ் மோசமா சேதமாச்சு. அப்புறம் மிஞ்சினதை வச்சுப் பழுதுபாத்து, 2015-ல மீட்டெடுத்த பிரதி வந்துச்சு. அதுல நாணல் பூ வெள்ளை வெளேர்னு, ஒவ்வொரு தண்டும் தனியா தெரியும். வெளிச்சம், சாம்பல் அளவு, ஓரத்து இருட்டு, சத்தத்தோட தெளிவு, இது எதைப் பத்தி எழுதறதா இருந்தாலும் முதல்ல மீட்டெடுத்த பிரதியோட ஒப்பிட்டுப் பாத்துட்டு எழுதுங்க. பழைய பதிவேற்றத்தை வச்சு ‘ஒளியழகியல்’ எழுதறது இந்த மாதிரி அசைன்மென்ட்ல வழக்கமா வர்ற தப்பு. திருத்தறவர் நல்ல பிரதி பாத்திருந்தா அந்த ஒரு பத்தியிலயே மாட்டிக்குவீங்க.

டைம்கோடு விஷயம். ஃபிலிம் விநாடிக்கு 24 ஃப்ரேம். பழைய டிவிடி வழியா வந்த சில பிரதிகள் 25-ல ஓடும், அதாவது 4 சதவீதம் வேகமா. 24-ல 40-வது நிமிஷத்துல வர்ற ஒரு ஷாட், 25-ல 96 விநாடி முன்னாலயே வந்துடும். சத்தமும் லேசா கீச்சுன்னு உயரும். அதனால படத்தோட ஆரம்பத்துல இருந்து எண்ணாதீங்க. உங்க காட்சியோட முதல் ஃப்ரேமைப் பூஜ்யம்னு வச்சு அங்கேர்ந்து குறிங்க. யார் எந்தப் பிரதியில பாத்தாலும் வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ப்ராஜெக்டையும் 24-லயே திறங்க. 30-ல திறந்தா ஓடற ரயில் திக்கித் திக்கிப் போகும்.

குரோம்பேட்டை_கோ
இதுல ஒண்ணு சேர்க்கறேன். படம் சதுரமா வந்து ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுது. அதை ஜூம் பண்ணி ஸ்கிரீன் முழுக்க நிரப்பிடுங்க, அப்பதான் ப்ரொஃபஷனலா இருக்கும்.

நிழல்_நீலா
அதைச் செய்யவே கூடாது! இந்தப் படத்தின் சட்டகம் அகலத்துக்கு உயரம் 1.37-க்கு 1. அகலம் நிரம்பும்வரை பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். சக்கரங்களுக்கு இடையே தெரியும் பையனைப் பற்றிப் பேசிக்கொண்டே சட்டகத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டால் பேச என்ன மிஞ்சும்?

வெட்டுமேசை
அந்தப் பட்டை உபயோகமும்கூட. 1920-க்கு 1080 திரையில படம் கிட்டத்தட்ட 1480 பிக்சல் எடுத்துக்கும். ரெண்டு பக்கமும் சுமார் 220 பிக்சல் சும்மா கிடக்கும். ஷாட் எண், ‘இந்தப் பக்கம்’, ‘அந்தப் பக்கம்’ மாதிரி சின்னச் சொல்லை அங்க போடுங்க, படத்து மேல எழுத வேண்டாம். கோ சொன்னதுல பாதி சரி: கறுப்பா சும்மா விட்டா காலியாத்தான் தெரியும்.

பூந்தமல்லி_பஸ்
மங்கலைத் தூக்கிட்டேன். மாட்டையும். இப்ப ரெண்டு பத்தியா எழுதியிருக்கேன், இடது பத்தி படம், வலது பத்தி குரல். இங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போடறேன்.

0:05 – 0:17
படம்: கம்பம். துர்கா காது வைக்கிறாள்.
குரல்: (இல்லை. ரீங்காரம் மட்டும்.)

0:17 – 0:32
படம்: அதே இடம், அப்பு கேட்கிறான்.
குரல்: வெளியுலகம் இவர்களிடம் முதலில் சத்தமாக வருகிறது. அது என்ன என்று இருவருக்குமே தெரியாது. இந்த நிமிடம்வரை இருவருக்கும் கிடைப்பது ஒன்றேதான்.

1:50 – 2:05
படம்: இருவரும் ஓடுகிறார்கள். துர்கா விழுகிறாள். ஃப்ரேம் நிற்கிறது.
குரல்: இங்கே நிறுத்துவோம். இதுவரை ஒரே திசையில் ஓடிய இருவரில் ஒருவர் சட்டகத்திலிருந்து கழிகிறார். அவளுக்காகக் காட்சி காத்திருக்கவில்லை.

2:05 – 2:30
படம்: ரயில் கடக்கிறது.
குரல்: (இல்லை.)

2:30 – 2:52
படம்: சக்கரங்களுக்கு இடையே அப்பு. மறுபடி ஓட்டிக் காட்டுவது, பாதி வேகத்தில்.
குரல்: கேமரா இப்போது எங்கே இருக்கிறது? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அக்கா விழுந்து கிடக்கும் பக்கத்திலிருந்து நாம் வந்துவிட்டோம். ரயில், பையனுக்கும் நமக்கும் நடுவே ஓடுகிறது.

நிழல்_நீலா
முதலில் எழுதியதற்கும் இதற்கும் நிறைய தூரம். மூன்று இடங்களைக் கவனியுங்கள். ‘சட்டகத்திலிருந்து கழிகிறார்’ காதில் ஏறாது, ‘விலகிவிடுகிறார்’ என்றாலே போதும். ‘இருவருக்குமே தெரியாது’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர்கள் மனதில் இருப்பதை நீங்கள் பார்க்கவில்லை. ‘நமக்கும் இன்னும் காட்டப்படவில்லை’ என்றால் அது திரையில் இருப்பது. மூன்றாவது, கடைசியில் வாதம் திசை மாறியிருக்கிறது. அக்காவும் தம்பியும் பிரிகிறார்கள் என்று தொடங்கினீர்கள். முடிக்கும்போது ரயில் ‘பையனுக்கும் நமக்கும்’ நடுவே ஓடுகிறது. அப்படியானால் ரயில் யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது?

பூந்தமல்லி_பஸ்
அட ஆமா. அப்ப அந்த ஷாட் என் வாதத்துக்கு எதிரா இருக்கா?

வெட்டுமேசை
எதிரா இல்லை, ஆனா நீங்க நினைச்ச அளவுக்கு நேராவும் இல்லை. ரயிலுக்கு அந்தப் பக்கம் அப்பு இருக்கான், துர்காவும் எங்கயோ அதே பக்கம்தான் இருக்கா. தனியா இந்தப் பக்கம் வந்துட்டது கேமரா மட்டும். அதனால ‘ரயில் அவர்களைப் பிரிக்கிறது’ன்னு எழுதினா இடத்தைப் பொறுத்தவரைக்கும் தப்பு. பிரிக்கறது விழுந்ததும், அவளைத் திரும்பிப் பாக்காத வெட்டும். ரயில் ஷாட் செய்யறது வேற: அப்புவை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டுது. வாதத்தை ஒரு சொல் மாத்துங்க: “இந்தக் காட்சி இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது.” அப்ப ரெண்டு ஷாட்டும் உங்க பக்கம் வந்துடும்.

எழுதறதுக்கு முன்னால விழுந்த ஷாட்டுக்கும் சக்கர ஷாட்டுக்கும் ஒரு வேலை பண்ணுங்க. மேலேர்ந்து பாக்கற மாதிரி ஒரு தாள்ல தண்டவாளத்தை ஒரு கோடா போட்டு, ரெண்டு பிள்ளைகளும் கேமராவும் எங்கன்னு புள்ளி வைங்க. ரயில் எந்தப் பக்கம் போகுதுன்னு அம்பு போடுங்க. ரெண்டே நிமிஷ வேலை. ‘இந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ தப்பு முக்கால்வாசி அந்தத் தாள்லயே மாட்டிக்கும்.

அப்புறம், பாதி வேகத்துல காட்டறதா எழுதியிருக்கீங்க. முதல் தடவை கண்டிப்பா சரியான வேகத்துல, முழுசா, அதோட சத்தத்தோட காட்டியிருக்கணும். நீங்க 2:05-லயே காட்டிட்டீங்க, சரி. பாதி வேகத்துல ஓடும்போது படத்தோட ஒலியை அணைச்சுடுங்க, இல்லன்னா ரயில் உறுமற மாதிரி கேக்கும்.

ரீல்பெட்டி
குரல் பதிவு எங்க பண்றது? எங்க ஹாஸ்டல் ஆற்காடு ரோட்டுல. ஆட்டோ ஹாரன் இல்லாத நேரமே கிடையாது.

வெட்டுமேசை
ராத்திரி 12-க்கு மேல, துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து வச்சு அதுக்கு முன்னால. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். ஃபேன் நின்னே ஆகணும். மே மாசத்துல மூணு நிமிஷத்துக்கு மேல தாங்காது, அதனால பத்தி பத்தியா எடுங்க. ஒவ்வொரு பத்திக்கு முன்னாலயும் 10 விநாடி அறையோட சும்மா சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. பத்திகளுக்கு நடுவுல ஒட்டறதுக்கு அது வேணும், இல்லன்னா குரல் நிக்கற இடமெல்லாம் திடீர்னு செவிடான மாதிரி இருக்கும்.

குரோம்பேட்டை_கோ
ஒரு சந்தேகம். குரல்ல ‘காட்டுகிறது’, ‘விலகிவிடுகிறார்’னு எழுத்துத் தமிழ். யார் இப்படிப் பேசறாங்க? ‘காட்டுது’, ‘விலகிடறா’னு சொன்னாத்தான் கேக்கறவன் ஒட்டுவான். நேரமும் மிச்சம்.

நிழல்_நீலா
நேரம் மிச்சமாகும், உண்மை. ஆனால் மதிப்பெண் போடுபவர்களில் பலர் பேச்சுத் தமிழை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏட்டில் எழுதியதை அப்படியே வாசித்தால் செய்தி அறிக்கை ஆகிவிடும் என்பதும் சரிதான். வினைமுற்றை எழுத்து வழக்கில் வைத்து, வாக்கியத்தைச் சிறிதாக வெட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

வெட்டுமேசை
எனக்கு கோ கட்சி. ‘தேர்ந்தெடுக்கிறது’ங்கறதை ரெண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, நாக்கு சிக்கும். ஆனா ஒரு வாக்கியம் இப்படி, அடுத்தது அப்படின்னு கலக்கறதைவிட ரெண்டுல எதை வேணா எடுத்து முழுக்க அதுலயே இருங்க.

பூந்தமல்லி_பஸ்
ரெண்டு விதமாவும் எழுதி நேரம் பாத்தேன். எழுத்துத் தமிழ்ல 352 வார்த்தை, மொத்தம் 5:06. பேச்சுல 341, 4:47. தாள்ல புள்ளி வச்சும் பாத்தேன், சார் சொன்ன பக்கம்தான் துர்கா இருக்கா. வாதத்தை ‘தேர்ந்தெடுக்கிறது’னு மாத்தியாச்சு. பேச்சுத் தமிழ் ஓகேவான்னு திங்கக்கிழமை கேட்டுட்டு வர்றேன். வேண்டாம்னா அந்த 6 விநாடிய எங்க வெட்டறதுன்னு பாக்கணும்.

வெட்டுமேசை
ரயில் கடக்கற 25 விநாடியில மட்டும் கை வைக்காதீங்க. தலைப்பு 5 விநாடியை 3 ஆக்குங்க. மிச்சம் 4, இரண்டாவது பத்தியில ‘இந்த நிமிடம்வரை’ங்கற வாக்கியத்தை எடுத்தா சரியா வரும்.

நிழல்_நீலா
அந்த வாக்கியம்தான் அவருடைய வாதத்துக்கே அஸ்திவாரம், அதையா எடுக்கச் சொல்கிறீர்கள்?